22 சதவீதமா, 3 சதவீதமா? வீட்டுப் பொருட்களுக்கு ஒரு நிறையிட்ட விலைக் குறியீடு

கேள்வி: வீட்டுக்கு வாங்கும் ஆறு பொருட்களின் விலையை ஜனவரியிலும் ஜூலையிலும் குறித்து வைத்தேன். ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் ஏறியது என்று பார்த்துச் சராசரி எடுத்தால் 22 வருகிறது. மாதச் செலவோ 3 சதவீதம்தான் கூடியிருக்கிறது. நிறை கொடுத்து விலைக் குறியீடு போட வேண்டும் என்கிறார்கள். எப்படிப் போடுவது? போட்ட பிறகு அது ஏறி இறங்குவதை எப்படிப் படிப்பது?

பதில்:

உங்கள் இரண்டு எண்ணுமே கணக்காகத் தப்பில்லை. ஆனால் இரண்டுமே நீங்கள் கேட்க நினைத்த கேள்விக்கான விடை இல்லை. விலை எவ்வளவு ஏறியது என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. உங்கள் பட்டியல் என்னிடம் இல்லாததால், அதே 22-ம் அதே 3-ம் வரும்படி ஒரு கூடையை நானே அமைத்துக்கொள்கிறேன். விலைகளை நாணயம் போடாமல் வெறும் எண்ணாகவே எழுதுகிறேன். எந்தப் பணமானாலும் கணக்கு மாறாது.

| பொருள் | மாத அளவு | ஜனவரி விலை | ஜூலை விலை | மாற்றம் |
|---|---|---|---|---|
| அரிசி | 20 கிலோ | 50 | 53 | +6% |
| பால் | 30 லிட்டர் | 50 | 50 | 0 |
| எண்ணெய் | 3 லிட்டர் | 120 | 150 | +25% |
| காய்கறி | 20 கிலோ | 40 | 50 | +25% |
| சலவைத்தூள் | 3 கிலோ | 100 | 96 | −4% |
| உப்பு | 2 கிலோ | 20 | 36 | +80% |

கடைசி நெடுவரிசையைக் கூட்டி ஆறால் வகுத்தால் 22. இந்த வழி ஒன்றும் புதிதல்ல, இத்தாலியரான கார்லி 1764-லேயே விலை விகிதங்களை இப்படித்தான் சராசரி எடுத்தார். குறை எங்கே என்று பட்டியலைப் பார்த்தாலே தெரியும். மாதத்துக்கு 40 செலவாகும் உப்புக்கும் 1,500 செலவாகும் பாலுக்கும் இங்கே ஒரே குரல். அந்த 22-இல் 13-க்கு மேல் உப்பு ஒன்றே கொண்டு வந்தது. உப்பை எடுத்துவிட்டால் மீதி ஐந்தின் சராசரி 10.4-க்கு இறங்கிவிடும்.

சரி, சதவீதத்தை விட்டுவிட்டு விலைகளையே நேராகக் கூட்டினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஜனவரி விலைகளின் கூட்டல் 380, ஜூலையில் 435, ஆக 14.5 சதவீத ஏற்றம். இப்போது எண்ணெயை லிட்டர் கணக்கில் எழுதாமல் 5 லிட்டர் டின்னாக எழுதிப் பாருங்கள். 120 என்றது 600 ஆகும், 150 என்றது 750 ஆகும். கூட்டல் 860-இலிருந்து 1,035-க்குப் போகும். ஏற்றம் 20.3 சதவீதம். கடையில் எந்த விலையும் மாறவில்லை, எழுதும் அலகை மாற்றியதற்கே விடை கிட்டத்தட்ட ஆறு சதவீதப் புள்ளி நகர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது.

நிறை, அதாவது வெயிட்டேஜ், இந்த இரண்டு கோளாறையும் ஒரே அடியில் சரிசெய்கிறது. ஜனவரியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆன செலவைப் போடுங்கள்: அரிசி 1,000, பால் 1,500, எண்ணெய் 360, காய்கறி 800, சலவைத்தூள் 300, உப்பு 40. மொத்தம் சரியாக 4,000. ஒவ்வொன்றும் இந்த மொத்தத்தில் எத்தனை சதவீதமோ அதுவே அதன் நிறை. அரிசிக்கு 25, பாலுக்கு 37.5, எண்ணெய்க்கு 9, காய்கறிக்கு 20, சலவைத்தூளுக்கு 7.5, உப்புக்கு 1. இப்போது எண்ணெயை லிட்டராக எழுதினாலும் டின்னாக எழுதினாலும் அதன் செலவு 360-தான். உப்பும் தன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

அப்புறம் செய்ய வேண்டியது மிக எளிது. ஜனவரியில் வாங்கிய அதே அளவுகளை ஜூலை விலைக்கு வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். அரிசி 1,060, பால் 1,500, எண்ணெய் 450, காய்கறி 1,000, சலவைத்தூள் 288, உப்பு 72. மொத்தம் 4,370. இதை 4,000-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 109.25. ஜனவரியை 100 என்று வைத்தால் ஜூலையின் குறியீடு இதுதான். விலை ஏற்றம் 9.25 சதவீதம்.

விரிதாளில் அளவு கிலோ, லிட்டர் என்று எழுதாமல் வெறும் எண்ணாக B-யிலும், ஜனவரி விலை C-யிலும், ஜூலை விலை D-யிலும் இருந்தால் ஒரே வரி போதும்:

```
=SUMPRODUCT(B2:B7,D2:D7)/SUMPRODUCT(B2:B7,C2:C7)*100
```

இது 1871-இல் ஜெர்மானியப் பொருளியலாளர் லாஸ்பியர் முன்வைத்த முறை. அடிப்படைக் காலத்து அளவுகளை உறைய வைத்துவிட்டு விலையை மட்டும் நகர விடுவது. நாடுகளின் நுகர்வோர் விலைக் குறியீடுகள் பெரும்பாலும் இதன் வழிவந்தவைதான். காரணம் நடைமுறை சார்ந்தது: மக்கள் எதை எவ்வளவு வாங்குகிறார்கள் என்று ஒருமுறை பெரிய கணக்கெடுப்பு நடத்தினால், அதன்பின் மாதாமாதம் விலையை மட்டும் சேகரித்தால் போதும்.

வீட்டில் நிறை போடும்போது ஒரு எச்சரிக்கை. ஒரு மாத அளவை நம்பாதீர்கள். விருந்தாளிகள் வந்த மாதமோ ஊருக்குப் போயிருந்த மாதமோ அடிப்படையாக அமைந்தால், குறியீட்டின் ஆயுள் முழுக்க அந்த மாதத்தின் வாடை அடிக்கும். முடிந்தால் பன்னிரண்டு மாதச் செலவைக் கூட்டி அதிலிருந்து சராசரி மாத அளவை எடுங்கள். பருவத்துக்குப் பருவம் மாறும் காய்கறிக்கு இது மிகவும் அவசியம்.

இனி, உங்கள் செலவு ஏன் 3 சதவீதம் மட்டும் கூடியது? விலை ஏறியபோது நீங்கள் வாங்கும் அளவை மாற்றியிருப்பீர்கள். ஜூலையில் அரிசி 22 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், காய்கறி 16 கிலோ, மற்றவை பழையபடி என்று வைத்துக்கொள்வோம். ஜூலை விலையில் இதன் செலவு 4,126. ஜனவரியின் 4,000-உடன் ஒப்பிட்டால் 3.15 சதவீதம் கூடுதல். உங்கள் இரண்டாவது எண் இங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் இதில் விலையும் அளவும் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க, ஜூலையில் வாங்கிய அளவுகளை ஜனவரி விலையில் கணக்கிடுங்கள். 3,820 வரும். அதாவது விலையே ஏறாமல் இருந்திருந்தால் இந்தப் புதுக் கூடைக்கு 3,820-தான் ஆகியிருக்கும். 4,000-இலிருந்து 3,820 என்றால் அளவு 4.5 சதவீதம் சுருங்கியிருக்கிறது. 3,820-இலிருந்து 4,126 என்றால் விலை 8 சதவீதம் ஏறியிருக்கிறது. 0.955-ஐ 1.0801-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.0315 வரும். செலவுக் கணக்கு சரியாக உட்கார்ந்துவிடுகிறது. செலவு 3 சதவீதம்தான் கூடியது என்று நிம்மதி அடைவதற்கில்லை. குறைவாக வாங்கியதால் வந்த 3 அது.

இப்போது விலை ஏற்றத்துக்கே இரண்டு விடை கையில் இருக்கிறது. பழைய அளவுகளை வைத்தால் 9.25, புது அளவுகளை வைத்தால் 8. இரண்டாவதை 1874-இல் முன்வைத்தவர் பாசி என்ற இன்னொரு ஜெர்மானியர். விலை கூடிய பொருளை மக்கள் குறைத்துக்கொள்வது வழக்கம் என்பதால் லாஸ்பியர் எண் பெரும்பாலும் மேலேயும் பாசி எண் கீழேயும் நிற்கும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 108.6. இதற்கு ஃபிஷர் குறியீடு என்று பெயர். ஒரே ஓர் எண் சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு ஒவ்வொரு மாதமும் வாங்கிய அளவையும் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் லாஸ்பியரோடு நிறுத்திக்கொள்ளலாம். அது விலையேற்றத்தைக் கொஞ்சம் மிகைப்படுத்திக் காட்டும் என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

அடுத்தது படிப்பது. குறியீட்டைப் போட்டவுடன் முதலில் பார்க்க வேண்டியது யார் எவ்வளவு தூக்கினார்கள் என்பதை. நிறையை அதன் விலை மாற்றத்தால் பெருக்கினால் அந்தப் பொருளின் பங்கு கிடைக்கும். காய்கறி 20-இல் 25 சதவீதம், குறியீட்டில் 5 புள்ளி. எண்ணெய் 2.25, அரிசி 1.5, உப்பு 0.8. சலவைத்தூள் 0.3 கீழே இழுத்தது. பால் ஒன்றும் செய்யவில்லை. கூட்டினால் அதே 9.25. எண்ணெயும் காய்கறியும் ஒரே 25 சதவீதம்தான் ஏறின, ஆனால் காய்கறியின் பங்கு இரண்டு மடங்குக்கும் மேல். 80 சதவீதம் ஏறிக் கத்திய உப்பு ஒரு புள்ளிகூடத் தரவில்லை. விலை ஏறிவிட்டது என்ற பேச்சு பெரும்பாலும் சதவீதத்தை வைத்தே நடக்கும், பங்கை வைத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கும்.

இந்தப் பங்குக் கணக்கில் பலர் இரண்டாவது மாதத்திலேயே வழுக்கி விழுகிறார்கள். ஆகஸ்டில் காய்கறி 50-இலிருந்து 45-க்கு இறங்கியது, பால் 50-இலிருந்து 52-க்கு ஏறியது, மற்றவை அப்படியே. அதே ஜனவரி கூடையின் செலவு 4,330, குறியீடு 108.25. ஜூலையிலிருந்து ஒரு புள்ளி இறக்கம். இதைச் சதவீதமாகச் சொன்னால் ஒன்று அல்ல. 4,370-இல் 40 குறைந்திருக்கிறது, 0.92 சதவீதம். குறியீடு 100-ஐ விட்டு விலக விலகப் புள்ளியும் சதவீதமும் பிரிந்துகொண்டே போகும். குறியீடு 200-இல் நிற்கும்போது ஒரு புள்ளி என்பது அரை சதவீதம்தான்.

இந்த இறக்கத்தின் பங்கைப் பிரிக்க ஜனவரி நிறைகளை எடுத்தால் காய்கறி 20-இல் 10 சதவீதம், 2 கீழே. பால் 37.5-இல் 4 சதவீதம், 1.5 மேலே. மொத்தம் 0.5 இறக்கம். ஆனால் உண்மையில் இறங்கியது 0.92. எங்கே போயிற்று மீதி? ஜூலை மாதத்து விலைகளில் அந்தக் கூடையின் உள்விகிதம் மாறிவிட்டது. 4,370-இல் காய்கறியின் 1,000 என்பது 22.9 சதவீதம், பாலின் 1,500 என்பது 34.3 சதவீதம். இந்தப் புதிய விகிதங்களால் பெருக்கினால் காய்கறி 2.29 இறக்குகிறது, பால் 1.37 ஏற்றுகிறது, மிச்சம் 0.92 இறக்கம். அளவுகள் உறைந்திருக்கின்றன, செலவு விகிதங்கள் உறையவில்லை. பங்குகளின் கூட்டல் மொத்த மாற்றத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் இந்த இடத்தைத்தான் பாருங்கள்.

ஓராண்டு கடந்த பிறகு இன்னொரு குழப்பம் வரும். மறு ஜனவரியில் குறியீடு 112 என்று வைத்துக்கொள்வோம், ஆண்டு ஏற்றம் 12 சதவீதம். மறு ஜூலையில் 113.6. அதை முந்தைய ஜூலையின் 109.25-உடன் ஒப்பிட்டால் ஆண்டு ஏற்றம் 4 சதவீதம்தான். 12 எங்கே, 4 எங்கே! விலை இறங்கிவிட்டதா? ஒரு பொருளும் இறங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. குறியீடு 112-இலிருந்து 113.6-க்கு ஏறத்தான் செய்திருக்கிறது. முதல் ஆண்டின் ஜனவரி–ஜூலைக்கு இடையில் நடந்த அந்தப் பெரிய தாவல் பன்னிரண்டு மாத ஜன்னலை விட்டு வெளியே போய்விட்டது, அவ்வளவுதான். ஆண்டு விகிதம் சரிந்தால், இந்த ஆண்டு என்ன நடந்தது என்பதோடு போன ஆண்டு இதே மாதம் எந்த உயரத்தில் இருந்தது என்பதையும் பாருங்கள். விகிதத்தைத் தனியாக வரையாமல் குறியீட்டின் கோட்டையும் பக்கத்திலேயே வரைந்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

மாதத்துக்கு மாதம் மாற்றத்தைப் பார்ப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. காய்கறி மாதிரி பருவத்தோடு ஆடும் பொருளுக்கு 20 நிறை இருக்கும் கூடையில், ஒரு மாத இறக்கம் பெரும்பாலும் அறுவடையைத்தான் சொல்லும். காய்கறியை விட்டுவிட்டு மீதி ஐந்துக்கும் தனியாக ஒரு குறியீடு போட்டு வையுங்கள். ஜூலையில் அது 105.3 (3,200 என்பது 3,370 ஆகியிருக்கிறது). ஆகஸ்டில் மொத்தக் குறியீடு இறங்கியபோது இது 107.2-க்கு ஏறியிருக்கிறது, பாலால். இறங்கிவிட்டது என்று எழுதுவதற்கு முன் இந்த இரண்டாவது எண்ணைப் பார்ப்பது நல்லது.

இனி, விலையைக் குறிக்கும் இடத்திலேயே நுழையும் பிழை. சலவைத்தூள் 100-இலிருந்து 96-க்குக் குறைந்தது என்று எழுதினோம். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். போன முறை 1,000 கிராம், இப்போது 900 கிராம் என்றால் கிலோவுக்கு 106.67. நான்கு சதவீத இறக்கம் என்று எழுதியது உண்மையில் 6.7 சதவீத ஏற்றம். குறியீடு 109.25-இலிருந்து 110.05-க்குப் போய்விடும். பாக்கெட் விலையை எழுதாதீர்கள், பாக்கெட் விலையையும் கிராமையும் தனித்தனி நெடுவரிசையில் எழுதி விரிதாளையே வகுக்க விடுங்கள். பிராண்டு மாறினாலும் இதே சிக்கல்தான். தரம் வேறான பொருளின் விலையைப் பழையதோடு நேராக ஒப்பிட்டால் தர வித்தியாசம் விலை மாற்றமாக வேடம் போட்டு உள்ளே வந்துவிடும். மாற்றும் மாதத்தில் பழையது, புதியது இரண்டின் விலையையும் குறித்துக்கொண்டு, அந்த மாதம் வரை பழையதன் மாற்றத்தையும் அதன்பின் புதியதன் மாற்றத்தையும் எடுங்கள்.

ஒரு மாதம் ஒரு பொருள் கிடைக்கவே இல்லையென்றால்? போன மாத விலையையே மறுபடி எழுதுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். அப்படிச் செய்தால் விலை மாறவில்லை என்று நீங்களே முடிவு கட்டியதாகிறது. பொருள் திரும்பி வரும் மாதத்தில் இரண்டு மாத ஏற்றமும் ஒன்றாகச் சேர்ந்து குதிக்கும். அதைவிட, அதை ஒத்த மற்றப் பொருட்கள் அந்த மாதம் எத்தனை சதவீதம் நகர்ந்தனவோ அதே அளவு இதுவும் நகர்ந்ததாக வைப்பது மேல். அந்தக் கட்டத்துக்கு வேறு நிறம் கொடுத்து வையுங்கள், ஊகித்த விலை எது என்று பிறகு தெரிய வேண்டும்.

கடைசியாக, நிறைகளை எப்போது புதுப்பிப்பது. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே மாதத்தில், மொத்தமாக. மறு ஜனவரியில் பழைய கூடை 112 காட்டுகிறது, அதே மாதத்தில் புதிய கூடையை 100 என்று தொடங்குங்கள். மறு ஜூலையில் புதிய கூடை 101.4 காட்டினால், 112-ஐ 1.014-ஆல் பெருக்கி 113.6 என்று பழைய தொடரோடு ஒட்டிவிடலாம். மேலே சொன்ன 113.6 இப்படி வந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். கூடை மாறிய இடத்தில் கோட்டில் வெட்டு விழாது. ஆனால் இப்படி ஒட்டிய தொடரில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களை ஒரே நிறைப் பட்டியலை வைத்துப் பங்கு பிரிக்க முடியாது. இணைப்பு மாதம் வரை ஒரு கணக்கு, அதன்பின் ஒரு கணக்கு என்று இரண்டாகப் பிரித்துத்தான் போட வேண்டும்.

மாதாமாதம் புதுப்பித்தால் இன்னும் துல்லியமாக இருக்குமே என்று தோன்றும். அங்கே ஒரு குழி இருக்கிறது. எண்ணெய்க்குத் தள்ளுபடி வந்த மாதம் நீங்கள் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்குவீர்கள், விலை பழைய இடத்துக்குத் திரும்பும்போது அந்தப் பெருத்த அளவுதான் நிறையாக நிற்கும். இறங்கும்போது சின்ன நிறை, ஏறும்போது பெரிய நிறை. விலைகள் எல்லாம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்த பிறகும் குறியீடு 100-க்குத் திரும்பாது. உங்கள் தொடரில் அது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இப்போதைய விலைகளுக்குப் பிறகு ஒரு கற்பனை மாதத்தைச் சேர்த்து, அதில் ஜனவரி விலைகளை அப்படியே எழுதிப் பாருங்கள். 100 வராமல் 103, 104 என்று நின்றால், மாதாந்திரப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பதற்கே திரும்பிவிடுங்கள்.